குத்துவிளக்கை விற்பனைக்குப் போடும் முன்: அளந்து, நிறுத்து, மரியாதையோடு விவரம் எழுதும் முறை

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒருத்தர் போன் பண்ணினார். குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்குக் கூடுதல் சங்கடமாகப் போச்சு. "ஏனுங்க, படத்துல ரெண்டு வெளக்கு நிக்குது. பொட்டிய பிரிச்சா ஒண்ணுதானுங்க இருக்குது. தாய்மாமன் சீருக்கு ஒத்த வெளக்க எப்படிங்க தட்டத்துல வச்சு எடுத்துட்டுப் போறது?"

நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "அழகிய பாரம்பரிய பித்தளை குத்துவிளக்கு, 2 அடி, சூப்பர் ஃபினிஷிங்." விலை ஒரு விளக்குக்கு. படத்தில் ஜோடி. அவர் ஜோடியின் விலை என்று நினைத்துப் பணம் போட்டுவிட்டார். இன்னொரு விளக்கை அன்றைக்கே பஸ்ஸில் போட்டுவிட்டேன். அடுத்த நாள் மறுபடியும் போன். ரெண்டையும் டேப் வைத்துப் பார்த்தாராம், 22½ அங்குலம்தான் இருக்கிறதாம். மொத்தக்கடை பில்லில் '24' என்று இருந்ததை நான் அப்படியே ரெண்டு அடி என்று எழுதியிருந்தேன். பில்லில் இருந்தது அந்த அச்சுக்கு அவர்கள் வைத்திருக்கும் நம்பர். விளக்கின் உயரம் வேறு.

ஈரோட்டில் பூஜைச் சாமான் கடை வைத்துப் படம் போட்டு விற்கிறேன். அந்த ரெண்டு போனுக்குப் பிறகு என் கையால் அளக்காத, நிறுக்காத எதையும் எழுதுவதில்லை. ஐந்து முகக் குத்துவிளக்கு ஜோடி ஒன்றை எடுத்துக்கொண்டு, விவரம் எழுதுவதை முதலிலிருந்து கடைசி வரை சொல்கிறேன். விளக்குக்கு எழுதத் தெரிந்தால் மணி, தாம்பாளம், வேல், தூபக்கால் எல்லாவற்றுக்கும் அதே வழிதான்.

முதலில் உலோகம்

வாங்குகிறவர் முதலில் கேட்பதும், நாம் அதிகம் தப்பு விடுவதும் இதில்தான். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. பேச்சு வழக்கில் மஞ்சளாக மின்னுகிற எல்லாவற்றையும் வெண்கலம் என்று சொல்லிவிடுகிறோம். பேசும்போது பரவாயில்லை, விலை போட்டு எழுதும்போது கூடாது.

சரக்கு வந்ததும் ஒரு காந்தத்தை எடுத்துப் பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே உள்ள அன்னம் என்று ஒவ்வொன்றிலும் வையுங்கள். ஒட்டினால் அது இரும்பின்மேல் பூச்சு. உயரமான சில விளக்குகளில் தண்டுக்குள் மட்டும் இரும்புக் கம்பி ஓடும். அது ஏமாற்று வேலை ஆகாது, ஆனால் விவரத்தில் எழுதியாகணும். காந்தம் ஒட்டவில்லை என்பதற்காகப் பித்தளை என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. அலுமினியத்திலும் துத்தநாகக் கலவையிலும் செய்து தங்க நிறம் பூசியவற்றிலும் காந்தம் ஒட்டாது.

அங்கேதான் எடை உதவும். விளக்கின் அன்னத்தை மட்டும் திருகிக் கழற்றி நிறுத்தேன், 340 கிராம். கோடு போட்ட அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றி, அன்னத்தை நூலில் கட்டி முழுக முக்கினேன். மரைக்குழிக்குள் காற்று நிற்காமல் ரெண்டு தட்டு தட்டணும், இல்லையென்றால் கணக்கு கெடும். தண்ணீர் 40 மில்லி ஏறியது. 340-ஐ 40-ஆல் வகுத்தால் 8.5. பித்தளைக்கு 8.4-இலிருந்து 8.7 வரை வரும். துத்தநாகக் கலவை என்றால் 7-ஐ ஒட்டி நிற்கும், அலுமினியம் 2.7. ஜாடியில் ரெண்டு மில்லி தவறிப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் மறையாது.

ஆனால் இந்தச் சோதனை பித்தளையையும் வெண்கலத்தையும் பிரித்துக் காட்டாது. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து எண்ணில் நிற்கும். அதனால் செய்தவர் பில்லில் வெண்கலம் என்று எழுதித் தந்தால் மட்டுமே நான் வெண்கலம் என்று எழுதுகிறேன். ஐம்பொன்னும் அப்படித்தான், கையில் எழுத்து இல்லாமல் அந்த வார்த்தையைத் தொடுவதில்லை. சீர்த்தட்டுக்கு இப்போது அதிகம் போகிற ஜெர்மன் சில்வரில் செம்பு, நிக்கல், துத்தநாகம்தான் இருக்கின்றன, வெள்ளி கிடையாது. பெயரிலேயே சில்வர் இருப்பதால் விவரத்தின் முதல் வரியிலேயே 'இதில் வெள்ளி இல்லை' என்று போட்டுவிடுங்கள். பிறகு வரும் சண்டையில் பாதி குறையும்.

ஊர்ப் பெயரும் உலோகத்தின் பெயர் மாதிரிதான். திருப்பூர் அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பேர் போன இடம். அங்கே செய்தது என்றால் அதைச் சொல்வதே சரக்குக்கு மதிப்பு. அதை விட்டுவிட்டுக் கொஞ்சம் வேலைப்பாடு இருந்தால் போதும், 'நாச்சியார்கோவில் விளக்கு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்றது. அங்கிருந்து வராத விளக்குக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது, 'நாச்சியார்கோவில் மாடல்' என்றும் சுற்றி வளைக்கக் கூடாது.

அளவு: டேப்பை எங்கே வைப்பது

விளக்கை முழுதாக மாட்டிச் சமமான பலகைமேல் நிறுத்துங்கள். பலகையிலிருந்து அன்னத்தின் உச்சிவரை நேராக அளந்தால் அதுதான் மொத்த உயரம். தண்டு வளைவோடு டேப்பை ஒட்டி இழுத்தால் கூடுதலாகக் காட்டும். என்னுடைய ஜோடியில் ஒன்று 24 அங்குலம், மற்றது அதைவிட ஒரு நூல் குறைவு. வார்ப்பு வேலையில் இது சகஜம். 'சுமார் 24 அங்குலம் (61 செ.மீ.)' என்று எழுதி, ஜோடிக்குள் கால் அங்குலம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்றும் சேர்த்துவிட்டேன்.

உயரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பீடத்தின் அகலம் தெரியாமல் வாங்கினால் வீட்டில் இருக்கும் தாம்பாளத்தில் விளக்கு உட்காராது. எண்ணெய்த் தட்டின் அகலமும் வேண்டும். எண்ணெய் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்காத பெண்கள் என் கடைக்கு வந்ததில்லை, ஆனால் எழுதுகிற கடைக்காரரை அதிகம் பார்க்கவில்லை. 50 மில்லி மூடியில் தண்ணீர் எடுத்துத் தட்டில் ஊற்றிப் பார்த்தேன். திரி வாய் வழியாக வழியும் முன் மூன்று மூடி பிடித்தது. 150 மில்லி என்று எழுதினேன். அளந்ததும் தண்ணீரைத் துடைத்துக் காய வைத்துவிடுங்கள், மரைக்குள் ஈரம் நின்றால் பச்சை பிடிக்கும்.

எடையைத் தனித்தனியாகப் போடணும். என் ஜோடியில் ஒன்று 4 கிலோ 350 கிராம், மற்றது 4 கிலோ 280 கிராம். இதற்கு 'ஒவ்வொன்றும் 4.2 கிலோவுக்குக் குறையாது' என்று எழுதுவது 'சுமார் 4.5 கிலோ' என்பதைவிட நேர்மை. பார்சல் எடையை விளக்கின் எடையாகக் காட்டுவது ரொம்பத் தப்பு. அட்டைப்பெட்டியும் வைக்கோலும் ஒரு கிலோவுக்கு மேல் ஏற்றிவிடும். ஒரே உயரத்தில் ரெண்டு விளக்கு ரெண்டு விலையில் இருந்தால் பெரும்பாலும் காரணம் தண்டுதான், ஒன்று கெட்டித் தண்டு, மற்றது உள்ளே கூடு. விரலால் சுண்டிப் பார்த்தாலே தெரியும். கூடு என்றால் கூடு என்றே எழுதுங்கள். தினமும் தூக்கித் துலக்கப் போகிறவருக்குக் கூடு தண்டே சௌகரியம், அதைக் குறையாக நினைத்து மறைக்கிறோம்.

பளபளப்பைப் பற்றி உண்மையைச் சொல்வது

'சூப்பர் ஃபினிஷிங்' என்று நான் எழுதியதில் ஒரு விஷயமும் இல்லை. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது, இந்த மினுக்கு பித்தளையின் சொந்த மினுக்கா, மேலே அடித்த கண்ணாடிப் பூச்சா என்பது. லேக்கர் அடித்த விளக்கு கறுக்காமல் பல நாள் நிற்கும். ஆனால் தீபத்தின் சூடு படும் திரி வாயில் அந்தப் பூச்சு பழுப்பேறி உரியும். தெரியாமல் புளி போட்டுத் தேய்த்தால் திட்டுத் திட்டாகப் போய், உரிந்த இடம் ஒரு நிறம், உரியாத இடம் ஒரு நிறம் என்று நிற்கும். 'உங்க விளக்கு மட்டம்' என்று திரும்பி வருகிற விளக்குகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. விளக்கில் குறை இருக்காது, பூச்சு இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தெரிந்துகொள்ள எலுமிச்சம்பழம் போதும். பீடத்தின் அடியில், வெளியே தெரியாத இடத்தில் ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிஷம் கழித்துத் துடையுங்கள். வெறும் பித்தளை என்றால் அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். பூச்சு இருந்தால் ஒன்றும் ஆகாது. இருந்தால் விவரத்தில் ஒரு வரி: 'லேக்கர் பூச்சு உண்டு, புளி, எலுமிச்சை, பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டாம், மெல்லிய துணியால் துடைக்கவும்.' இல்லாவிட்டால்: 'பூச்சு இல்லை, நாளாக நாளாகக் கறுக்கும், புளி போட்டுத் துலக்கினால் பழைய நிறம் வரும்.' கறுக்கும் என்று எழுதினால் வாங்க மாட்டார்களோ என்று பயந்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் அந்த வரியைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் விளக்குத் துலக்குகிற வீடுகளில் கறுக்காத பித்தளை என்றால்தான் சந்தேகம் வரும்.

'ஆன்டிக்' என்ற வார்த்தையில் கவனம் வேண்டும். கறுப்பு ஏற்றிப் பழசு போலக் காட்டுவதற்குக் கடைகளில் ஆன்டிக் ஃபினிஷ் என்கிறோம். படிக்கிறவர் பழைய விளக்கு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. 'பழமைத் தோற்றம் தரப்பட்டது. புதிய விளக்கு' என்று ரெண்டையும் சேர்த்து எழுதுங்கள். நிஜமாகவே பாட்டி காலத்து விளக்கை 'நூறு வருஷப் பழசு' என்று விற்பனைக்குப் போடுவது வேறு வம்பு. நூறு ஆண்டு கடந்த கலைப்பொருட்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன, அவற்றை வைத்து வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும்.

பெட்டியோடு வரும் சரக்கில் அதிகபட்ச விலை, எண்ணிக்கை, செய்தவர் அல்லது பேக் செய்தவர் பெயர், எந்த நாட்டில் செய்தது என்பவற்றையும் படத்தோடு சேர்த்துக் காட்டியாகணும். இதை நீட்டி எழுத ஒன்றுமில்லை, பெட்டியில் இருப்பதைப் பார்த்து எழுதுங்கள், போதும்.

பெட்டியில் எது வரும், எது வராது

படம் எடுக்கும்போது விளக்குக்குப் பொட்டு வைப்போம், பூச்சரம் சுற்றுவோம், கீழே தாம்பாளம் வைப்போம், திரி போட்டு ஏற்றியும் வைப்போம். நமக்கு அது அலங்காரம். பணம் கட்டினவருக்கு அது பட்டியல். ஒரு படமாவது வெறும் விளக்காக, பெட்டியில் வருவது மட்டும் வரிசையாக இருக்கணும். என் ஜோடி ஒவ்வொன்றும் நான்கு துண்டாகக் கழலும், பீடம், தண்டு, தட்டு, அன்னம். எட்டையும் ஜமக்காளத்தின்மேல் பரப்பி ஒரு படம் எடுத்தேன். பீடத்தின் அடிப்பக்கமும் அதிலேயே தெரிந்துவிட்டது. மாட்டிய விளக்கைச் சாய்த்துப் படுக்கப்போட்டு அடியைக் காட்டவேண்டிய அவசியம் வரவில்லை. படுத்துக் கிடக்கிற விளக்கைப் பார்க்க நம் சனத்துக்கு மனசு ஒப்பாது.

கழற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. கையால் போட்ட மரைகள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்துவதில்லை. ஒரு விளக்கின் அன்னத்தை மற்றதில் திருகினால் பாதியில் இறுகும், அல்லது ஆடும். வாங்கினவர் உடைசல் அனுப்பிவிட்டான் என்று நினைப்பார். ஒரு விளக்கின் துண்டுகளில் உட்பக்கம் ஒரு புள்ளியும் மற்றதில் ரெண்டு புள்ளியும் மார்க்கரில் வைத்து, 'புள்ளி பார்த்து மாட்டவும்' என்று எழுதிவிடுகிறேன்.

பேர் வெட்டுவதையும் இங்கேயே முடித்துவிடுங்கள். குலதெய்வக் கோயிலுக்கு விளக்கோ மணியோ எடுத்துத் தருகிறவர்கள் 'உபயம்' என்று போட்டுக் குடும்பத்துப் பேர் வெட்டச் சொல்வார்கள். விலையில் அது அடங்குமா, எத்தனை எழுத்து வரை, எந்த இடத்தில் வெட்டுவோம், வெட்டினபிறகு திரும்ப எடுக்க மாட்டோம் என்பது விவரத்தில் இருக்கணும். எழுத்தை வாட்ஸ்அப்பில் அவர்களையே டைப் பண்ணி அனுப்பச் சொல்லுங்கள். போனில் கேட்டு எழுதினால் குலக் கூட்டத்துப் பேரில் ஒரு எழுத்து மாறிப்போகும், அதற்கு மன்னிப்பே கிடையாது.

மரியாதை எந்த வார்த்தையில் இருக்கிறது

'தெய்வீகமான, புனிதமான, அருள் நிறைந்த' என்று முன்னால் மூன்று வார்த்தை சேர்ப்பதை நான் மரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டில் எப்படிச் சொல்வோமோ அப்படி எழுதினால் போதும். விளக்கை அணைப்பதில்லை, குளிர வைக்கிறோம். 'காற்றில் சீக்கிரம் அணையாது' என்று எழுதியிருந்ததை 'காற்றுக்கு நின்று எரியும்' என்று மாற்றினேன். பிறகு அதையும் எடுத்துவிட்டேன், திறந்த திரி எந்தக் காற்றுக்கு நிற்கும்?

விலை எழுதுமிடத்தில்தான் நாக்கு சறுக்கும். 'முருகர் 450 ரூபாய், ரெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ' என்று ஒரு பலகை பார்த்தேன். விலை பித்தளைக்கும் கூலிக்கும்தான். 'முருகர் திருவுருவம், பித்தளை, 4 அங்குலம். விலை 450 ரூபாய்' என்றால் அது தானாகவே சரியாகிவிடும். கொலு பொம்மையைப் பொம்மை என்று சொல்வது முறை. பூஜையில் வைக்கும் திருவுருவத்தைப் பொம்மை, ஷோ பீஸ் என்று சொல்லக் கூடாது. வேலின் முனை வளைந்தோ, திருவுருவத்தின் கை ஒடிந்தோ வந்தால் பாதி விலைக்குத் தள்ளிவிடும் ஆசை வரும். பின்னமானதைப் பூஜைக்கு வைப்பதில்லை என்று தெரிந்துகொண்டே விற்கக் கூடாது. நான் செய்தவருக்கே திருப்பி அனுப்பி உருக்கச் சொல்லிவிடுவேன்.

செல்வம் சேரும், கல்யாணம் கூடிவரும் என்பதையெல்லாம் எழுதாதீர்கள். 'பழனியில் வைத்துப் பூஜை செய்தது' என்பதை நிஜமாகச் செய்திருந்தால்கூட யோசியுங்கள். சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் மருதமலைக்கும் நடந்து போகிற சனம் இது. அவர்கள் கையால் கொண்டுபோய் வைத்து எடுத்துக்கொள்வார்கள், நாம் செய்து விற்கவேண்டியதில்லை.

இனி அந்த ஜோடிக்கு இப்போது இருக்கும் விவரம்:

> பித்தளைக் குத்துவிளக்கு, ஐந்து முகம், அன்னம் வைத்தது – ஜோடி (2 விளக்கு)
> விலை ஜோடிக்கு. ஒற்றை விளக்காகவும் தருகிறோம், கேளுங்கள்.
> உலோகம்: பித்தளை. வார்ப்பு. தண்டு கெட்டி. இரும்பு இல்லை.
> உயரம்: சுமார் 24 அங்குலம் (61 செ.மீ.), பீடம் முதல் அன்னத்தின் உச்சி வரை. ரெண்டுக்கும் கால் அங்குலம் வரை வித்தியாசம் இருக்கலாம்.
> பீடத்தின் அகலம் 8½ அங்குலம். எண்ணெய்த் தட்டு 6 அங்குலம், சுமார் 150 மில்லி எண்ணெய் பிடிக்கும்.
> எடை: ஒவ்வொன்றும் 4.2 கிலோவுக்குக் குறையாது.
> மெருகு: கடைசல் பாலிஷ். பூச்சு இல்லை. நாளாகக் கறுக்கும், புளி போட்டுத் துலக்கலாம். பீடத்தின் உட்பக்கம் வார்ப்புச் சொரசொரப்பு இருக்கும்.
> பெட்டியில்: 2 பீடம், 2 தண்டு, 2 தட்டு, 2 அன்னம். உட்பக்கப் புள்ளி பார்த்து மாட்டவும்.
> படத்தில் உள்ள தாம்பாளம், பூ, திரி, எண்ணெய் வராது.
> பேர் வெட்டித் தரப்படும், தனிக் கூலி. வெட்டியபின் திரும்ப எடுக்க இயலாது.

'அழகிய', 'பாரம்பரிய' ரெண்டும் போய்விட்டன. யாரும் தேடவில்லை.

தோரணத்துக்கு வந்தால்

பண்டிகை அலங்காரத்தில் அதிகம் திரும்பி வருவது தோரணம். காரணம் ஒரே ஒரு அளவு. 'தோரணம் 4 அடி' என்று எழுதுகிறோம். அது கட்டும் கயிற்றோடு சேர்ந்தா, இலை இருக்கும் பகுதி மட்டுமா? நான் ஒருமுறை அளந்த மாவிலைத் தோரணத்தில் கயிற்றின் ரெண்டு முனையும் சேர்ந்து ஒன்பது அங்குலம் போய்விட்டது. மூன்றரை அடி வாசல் நிலவுக்கு வாங்கினவருக்கு ரெண்டு பக்கமும் வெறும் கயிறு தொங்கும். இலைப்பகுதியின் நீளம், கயிறு எவ்வளவு, நிலவிலிருந்து கீழே எவ்வளவு தொங்கும், எத்தனை இலை என்ற நான்கையும் எழுதுங்கள். கீழே தொங்கும் அளவு முக்கியம், பத்து அங்குலம் தொங்கினால் உயரமான மாப்பிள்ளை குனிந்துதான் வரணும்.

துணியா, பிளாஸ்டிக்கா, ஃபோமா என்று சொல்லி, தலைப்பிலேயே 'செயற்கை' என்று போடுங்கள். சிவப்புத் துணியென்றால் ஓரத்தில் ஈரப்பஞ்சை அழுத்திப் பாருங்கள். பஞ்சு சிவந்தால் 'நனைந்தால் சாயம் போகும், வாசல் தெளிக்கும்போது எடுத்துவிடவும்' என்ற வரி வேண்டும், வெள்ளையடித்த சுவர் பாழாகும்.

பொங்கல் சமயத்தில் பிளாஸ்டிக் ஆவாரம்பூக் கொத்தைக் 'காப்புக்கட்டு செட்' என்று எழுதி விற்கக் கேட்டு ஒரு சரக்குக்காரர் வந்தார். போகியன்று இங்கே காப்புக் கட்டுவது வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்து, வயலோரத்தில் ஒடித்துக் கொண்டுவந்ததை. "அலங்காரக் கொத்துன்னு எழுதித் தாரனுங்க, காப்புக்கட்டுன்னு எழுத மாட்டனுங்க" என்றேன். சரி என்று இருபது கொத்து வைத்துவிட்டுப் போனார். கொத்து 11 அங்குலம், பிளாஸ்டிக் பூ, கம்பித் தண்டு, ஜாடி வராது.